நீண்ட கூட்டப் பதிவில் எந்த நிமிடங்களை வெட்டி அனுப்பச் சொல்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. கூட்டத்துக்கு வராத ஆதரவுக் குழுவினர் கேட்டார்கள்: "பழைய வாடிக்கையாளர் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் தேதி ஏன் தள்ளிப்போகிறது? அந்தப் பேச்சை நாங்களும் கேட்க முடியுமா?" நியாயமான கேள்வி. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தான். கூட்டத்தின் காணொளிப் பதிவு என் கையில் இல்லை. கூட்டத்தை நடத்திய சக ஊழியரின் கணக்கில் இருந்தது. அவருக்கு நான் ஒரு செய்தி எழுத வேண்டும்: இந்த நிமிடத்திலிருந்து இந்த நிமிடம் வரை வெட்டி, இவர்களுக்கு அனுப்புங்கள் என்று.

இரண்டு வரியில் முடிய வேண்டிய வேலைதான். ஆனால் இதே வேலையை முன்பொரு முறை இரண்டு வரியில் முடித்து, அதன் பலனை வேறு ஒரு குழு இரண்டு நாள் அனுபவித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது விவாதம் நடந்த பகுதியை ஒரே துண்டாக வெட்டி அனுப்பச் சொன்னேன். அதே கூட்டத்தில் ஒரு மணி நேரம் கழித்து அந்த முடிவை மாற்றிவிட்டார்கள் என்பது என் நினைவில் இல்லை. துண்டைப் பார்த்தவர்கள் அதில் சொன்னபடியே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் கொடுத்த காணொளியில் பொறுப்பான மனிதர்கள் தெளிவாக ஒரு முடிவைச் சொன்னார்கள், அவ்வளவுதான். எழுத்தில் வந்த தகவலைச் சந்தேகித்துத் திருப்பிக் கேட்பவர்கள்கூட, கண்ணால் பார்த்ததைக் கேள்வி கேட்பதில்லை.

அதனால் இந்த முறை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்னால் இருந்த வழிகள் நான்கு: முழுப் பதிவையும் கொடுத்து, பார்க்க வேண்டிய நேரத்தை மட்டும் குறித்துக்கொடுப்பது, முக்கியமான இடத்தை ஒரே துண்டாக வெட்டுவது, பல இடங்களை வெட்டி ஒன்றாக ஒட்டுவது, பல இடங்களை வெட்டித் தனித்தனிக் கோப்புகளாகவே அனுப்புவது. ஐந்தாவதாக, காணொளியே இல்லாமல் பத்து வரியில் எழுதிக் கொடுப்பதும் உண்டு. முடிவு மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு அதுவே சிறந்தது. ஆனால் இவர்கள் கேட்டது காரணத்தை. யார் எந்தத் தடையைச் சொன்னார், எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதைக் குரலில் கேட்பதற்கும் எழுத்தில் படிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. ஆகவே எழுத்தை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கையும் எடுத்துக்கொண்டேன். துண்டுகளோடு எழுத்தும் கொஞ்சம் தேவைப்படும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பதிவில் என்ன இருந்தது என்று பார்ப்போம். பதிவின் மொத்த நீளம் 1:58:20. தேதி பற்றிய முக்கிய விவாதம் 41 ஆவது நிமிடத்தின் நடுவில் தொடங்கி 52 ஆவது நிமிடத்தில் முடிகிறது. முதலில் 14 ஆம் தேதி என்று இருந்ததை அங்கேதான் 21 என்று மாற்றினார்கள். ஆனால் 1:37:05 இல் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் குறுக்கிட்டு, 21 ஆம் தேதி தணிக்கையாளர்கள் பழைய தளத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள், அன்று அதைத் தொட முடியாது என்றார். இரண்டு நிமிடப் பேச்சில் தேதி 28 ஆகிவிட்டது. பத்து நிமிடம் விவாதித்து எடுத்த முடிவை இரண்டு நிமிடம் புரட்டிப்போட்டது. நீளமான பகுதிதான் முக்கியமான பகுதி என்று நினைத்தால் இங்கே தவறிவிடுவோம்.

இன்னொன்றும் இருந்தது. முக்கிய விவாதத்தின் நடுவே, 46:15 முதல் 47:50 வரை, பொறியாளர் ஒருவர் எடுத்திருந்த மருத்துவ விடுப்பைப் பற்றிப் பேசினார்கள். அக்கறையோடு பேசியதுதான். என்ன அறுவைச் சிகிச்சை, எப்போது திரும்புவார் என்றெல்லாம் அதில் வந்தது. அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியும்; வெளியே போக வேண்டிய விஷயம் அன்று.

இந்த இரண்டு உண்மைகளையும் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு முகம் காட்டுகிறது.

முழுப் பதிவையும் கொடுப்பதில் ஒரு பெரிய நேர்மை இருக்கிறது. யாருடைய பேச்சும் சூழலிலிருந்து பிய்க்கப்படாது, எதையோ மறைத்தார்கள் என்ற பேச்சும் வராது. வெட்டும் வேலையும் மிச்சம். சில சேவைகளில் குறிப்பிட்ட விநாடியிலிருந்து ஓடத் தொடங்கும்படி இணைப்பையே உருவாக்கிக் கொடுக்கலாம். கூட்டத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் ஒன்றைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. அவர்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் கேட்டவர்கள். கூட்டத்தில் இல்லாதவர்களுக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல். மருத்துவ விடுப்புப் பேச்சு அப்படியே போய்விடும். "41 இலிருந்து பாருங்கள்" என்று குறித்துக் கொடுத்தாலும், இரண்டு மணி நேரப் பதிவைத் திறந்தவர் முதல் இடத்தைப் பார்ப்பார், இரண்டாவது இடத்துக்குப் போவார் என்பதற்கு உறுதியில்லை. என் கதையில் இரண்டாவது இடத்தில்தான் உண்மையான தேதி இருக்கிறது.

ஒரே துண்டு வெட்டுவது கண்ணுக்கு அழகானது. கூட்டச் சேவைகளிலேயே இருக்கும் வெட்டும் வசதியில் பெரும்பாலும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும்தான் குறிக்க முடியும் என்பதால், கையும் தானாக இதை நோக்கியே போகிறது. 41:30 முதல் 52:10 வரை என்று இழுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அதில் தவறான தேதி இருக்கிறது, மருத்துவப் பேச்சும் இருக்கிறது. இரண்டாவது முடிவையும் சேர்க்க நினைத்து 41:30 முதல் 1:39:26 வரை இழுத்தால் கிட்டத்தட்ட 58 நிமிடம் ஆகிறது. அப்போது வெட்டியதற்கே பொருள் இல்லை. பேச்சு ஓரிடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்ட கூட்டங்களுக்கு மட்டும் ஒரே துண்டு போதும். அப்படி முடிந்துவிட்டது என்று நாம் நம்புவதும் அது உண்மையிலேயே முடிந்திருப்பதும் வேறு வேறு.

அதைத் தெரிந்துகொள்ளும் வழி எளியது, கொஞ்சம் பொறுமை வேண்டும். பதிவோடு தானியங்கி எழுத்துரை இருந்தால் அதில் தலைப்பைத் தேடாதீர்கள், முடிவைத் தேடுங்கள். நான் "இடமாற்றம்" என்று தேடியபோது முக்கிய விவாதம் மட்டும்தான் வந்தது. கணக்குப் பிரிவுக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. "21" என்று தேடியபோதுதான் 1:37 வந்தது. எழுத்துரை எண்ணைச் சில இடங்களில் எழுத்தாகவும் சில இடங்களில் தவறாகவும் எழுதியிருக்கும், ஆகவே எண்ணாகவும் சொல்லாகவும் தேட வேண்டும். அதோடு, கடைசிப் பத்து நிமிடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் காதால் கேட்டுவிடுவது நல்லது. தலைமை தாங்கியவர் எடுத்த முடிவுகளைத் தொகுத்துச் சொல்வது பெரும்பாலும் அங்கேதான்.

பல துண்டுகளை ஒட்டி ஒரே கோப்பாக்குவது அடுத்த வழி. பார்ப்பவருக்கு வசதி: ஒரு இணைப்பு, ஒரு முறை அழுத்தினால் போதும். எனக்கு இதில் உறுத்தல் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒட்டிய இடத்தில் பேச்சு தொடர்ச்சியாகக் கேட்கும். ஒருவர் "சோதனை ஓட்டத்துக்கே நான்கு நாள் வேண்டும்" என்கிறார், அடுத்த விநாடியே இன்னொருவர் "அப்படியானால் 21 என்று வைத்துக்கொள்வோம்" என்கிறார். நடுவில் ஒன்றரை நிமிடம் போனது யாருக்கும் தெரியாது. அதைவிட மோசம், 45 நிமிடம் கழித்து வந்த மறுப்பு உடனடியாக வந்த மறுப்பாகத் தோன்றுவது. பேசியவர்களை அது வேறு மாதிரி காட்டிவிடுகிறது: யோசித்துவிட்டு வந்து சொன்னவர், பிறர் பேச்சை வெட்டிப் பேசுகிறவர் போல ஆகிவிடுகிறார். ஒட்டும் இடத்தில் இரண்டு விநாடிக்குக் கறுப்புத் திரை வைத்து "இங்கே 45 நிமிடம் இல்லை" என்று எழுதினால் இது சரியாகும். அதற்குக் காணொளித் தொகுப்பு மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். சக ஊழியரிடம் ஒரு உதவி கேட்கும்போது அந்த அளவு வேலையை அவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

தனித்தனிக் கோப்புகள் என்ற நான்காவது வழியையே தேர்ந்தெடுத்தேன். மூன்று துண்டுகள். ஒவ்வொன்றின் பெயரிலும் வரிசை எண்ணும் பதிவில் அது தொடங்கும் நேரமும் இருக்கும். கோப்பு மாறும்போது பேச்சு மாறுகிறது என்பது பார்ப்பவருக்கு இயல்பாகவே புரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை. குறை என்று பார்த்தால், மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் நிறுத்திவிடலாம். அதற்காகத்தான் கொஞ்சம் எழுத்து தேவைப்படுகிறது என்று சொன்னேன்: கடைசி முடிவு 28 என்பதை அனுப்பும் செய்தியின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும், மூன்றாவது கோப்பின் பெயரிலும் எழுதிவிட வேண்டும். ஒன்றையும் திறக்காதவருக்கும் சரியான தேதி போய்ச் சேரும்.

வழியைத் தேர்ந்தாயிற்று. அடுத்தது நேரத்தைச் சொல்வது. இதிலும் தேர்வுகள் இருக்கின்றன, தவறுகளும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

"11:17 க்குத் தொடங்கிய பேச்சு" என்று கடிகார நேரத்தைச் சொல்வது நமக்கு எளிது, ஏனென்றால் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருப்போம். கூட்டம் 10:30 க்குத் தொடங்கியது. ஆனால் பதிவுப் பொத்தானை 10:36 க்குத்தான் அழுத்தினார்கள். ஆகவே கூட்டம் தொடங்கி 47 ஆவது நிமிடத்தில் நடந்தது, பதிவில் 41 ஆவது நிமிடத்தில் இருக்கிறது. ஆறு நிமிடத்தைக் கழித்தால் போதும் என்று நினைத்தால் அடுத்த குழியில் விழுவோம். 11:40 முதல் 11:50 வரை இடைவேளை, அப்போது பதிவை நிறுத்திவைத்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு வித்தியாசம் ஆறு நிமிடம் இல்லை, பதினாறு நிமிடம். கணக்குப் பிரிவுக்காரர் பேசியது கடிகாரத்தில் 12:23, பதிவில் 1:37. குறிப்பேட்டு நேரத்தை நம்பி ஆறு நிமிடம் மட்டும் கழித்திருந்தால் 1:47 இல் தேடியிருப்பேன், அங்கே வேறு யாரோ வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். கடிகார நேரத்திலிருந்து பதிவு நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதுவதைவிட, பதிவைத் திறந்து காணொளி ஓட்டியின் அடியில் தெரிகிற எண்ணைப் பார்த்து எழுதுவது எப்போதும் பாதுகாப்பானது.

எழுதும் வடிவமும் முக்கியம். "1.37" என்றால் ஒரு நிமிடம் 37 விநாடியா, ஒரு மணி 37 நிமிடமா? இரண்டு இடமும் பதிவில் இருக்கின்றன, ஆகவே பெறுபவருக்குத் தவறு தெரியவும் தெரியாது. "41 முதல் 52 வரை" என்றால் 52 ஆவது நிமிடம் உள்ளேயா வெளியேயா? அந்த ஒரு நிமிடத்தில்தான் "பழைய பதிவுகளைத் திருப்பி எடுக்கும் வழியை நான் எழுதி அனுப்புகிறேன்" என்று ஒருவர் பொறுப்பேற்கிறார். அதனால் மணி, நிமிடம், விநாடி மூன்றையும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதுவதே வழி: 00:41:22. முன்னால் இருக்கும் இரண்டு பூச்சியங்கள் அதிகப்படியாகத் தோன்றலாம். குழப்பத்தைத் தீர்ப்பவை அவைதான்.

எண் மட்டும் போதுமா என்றால், போதாது. நான் பார்க்கும் பிரதியும் அவரிடம் இருக்கும் மூலமும் ஒன்றாக இல்லாமல் போகலாம். யாரோ தொடக்கத்து வெற்று நிமிடங்களை வெட்டிவிட்ட பிரதி எனக்கு வந்திருக்கலாம். பதிவை நிறுத்திவைக்காமல் முடித்துவிட்டு மீண்டும் தொடங்கியிருந்தால் அவரிடம் இரண்டு கோப்புகளே இருக்கலாம். இரண்டாவது கோப்பு பூச்சியத்திலிருந்து தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு சிறு விஷயங்களைச் செய்தியில் சேர்க்கிறேன். ஒன்று, என் பிரதியின் மொத்த நீளம். அவருடையது அதே 1:58:20 இல்லையென்றால் அவர் உடனே நிறுத்திவிடுவார். மற்றொன்று, ஒவ்வொரு துண்டின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும். எண் தவறினாலும் வாக்கியம் தவறாது. அந்த வாக்கியம் காதில் விழும் இடம்தான் வெட்டும் இடம்.

வெட்டும் இடத்தைத் தேர்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. விவாதம் 41:30 இல் சூடு பிடிக்கிறது. ஆனால் அதைத் தொடங்கிவைத்த கேள்வி 41:25 இல் இருக்கிறது: "சரி, அடுத்தது தரவு இடமாற்றம். 14 ஆம் தேதி முடியுமா?" பதிலை மட்டும் வெட்டினால், "முடியவே முடியாது" என்று ஒருவர் எரிச்சலோடு சொல்வதுபோலத் துண்டு தொடங்கும். கேள்வியோடு சேர்த்தால் அது நேரான பதில். ஆகவே கேள்விக்கு மூன்று விநாடி முன்னால், 41:22 இல் தொடங்கச் சொன்னேன். முடிவிலும் அப்படியே, கடைசிச் சொல் விழுந்தபிறகு சில விநாடி மூச்சு விட இடம் வேண்டும். தனிப்பட்ட பேச்சை ஒட்டிய இரண்டு இடங்களில் மட்டும் அந்தத் தாராளம் கிடையாது. முதல் துண்டின் கடைசிச் சொல் 46:10 இல் முடிகிறது, விடுப்புப் பேச்சு 46:15 இல் தொடங்குகிறது, இடையில் 46:12. மறுபுறம் அந்தப் பேச்சு 47:50 இல் முடிகிறது. 47:52 இல் இரண்டாம் துண்டு தொடங்க வேண்டும்.

இனி நான் அனுப்பிய செய்தி:

"வணக்கம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் பதிவிலிருந்து மூன்று துண்டுகளை வெட்டி ஆதரவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நான் பார்த்த பிரதியின் மொத்த நீளம் 1:58:20. உங்களிடம் உள்ளது வேறு நீளம் என்றால் வெட்டுவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். நேரங்கள் எல்லாம் பதிவில் தெரியும் நேரம். கடிகார நேரம் அன்று.

துண்டு 1: 00:41:22 முதல் 00:46:12 வரை. 'சரி, அடுத்தது தரவு இடமாற்றம்' என்று தொடங்கும். 'சோதனை ஓட்டத்துக்கே நான்கு நாள் வேண்டும்' என்று முடியும்.

துண்டு 2: 00:47:52 முதல் 00:52:18 வரை. 'அப்படியானால் 21 என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கும். 'வழியை நான் எழுதி அனுப்புகிறேன்' என்று முடியும்.

துண்டு 3: 01:37:01 முதல் 01:39:26 வரை. 'ஒரு நிமிடம், அந்த 21 ஆம் தேதியைப் பற்றி' என்று தொடங்கும். 'சரி, 28. இதுதான் கடைசி' என்று முடியும்.

1 க்கும் 2 க்கும் நடுவில் விடுபட்ட பகுதி ஒருவரின் உடல்நலம் பற்றியது. அது எந்தத் துண்டிலும், ஒரு விநாடிகூட, வரக்கூடாது. மூன்றையும் ஒட்ட வேண்டாம், தனித்தனியாகவே இருக்கட்டும். மூலப் பதிவின் இணைப்பையும் எழுத்துரையையும் அரட்டைக் கோப்பையும் அனுப்ப வேண்டாம். துண்டுகளில் பேசுகிற நால்வரிடமும் இப்படி அனுப்பப்போவதை நான் சொல்லிவிட்டேன், நால்வரும் சரி என்றார்கள். இன்று மாலைக்குள் முடிந்தால் உதவியாக இருக்கும்; முடியாவிட்டால் நாளைக் காலை போதும்."

மூன்று துண்டுகளும் சேர்ந்து 11 நிமிடம் 41 விநாடி. இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக இவ்வளவு என்றால், கேட்கிறவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

எழுத்துரையையும் அரட்டையையும் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. காணொளியை எவ்வளவு கவனமாக வெட்டினாலும், அதே கோப்புறையில் இருக்கும் எழுத்துரைக் கோப்பு வெட்டப்படாமல் முழுதாகவே இருக்கும். கோப்புறையின் இணைப்பைப் பகிர்ந்தால் மருத்துவ விடுப்புப் பேச்சு எழுத்து வடிவில் போய்விடும், அதுவும் தேடக்கூடிய வடிவில். இன்னொன்று, சில சேவைகளில் "வெட்டுவது" என்றால் ஓட்டிக்காட்டும் எல்லையைக் குறுக்குவது மட்டுமே. மூலம் அப்படியே இருக்கும், பதிவிறக்கினால் முழுதும் வந்துவிடலாம். அனுப்புவதற்கு முன்பு, கூட்டத்துக்குத் தொடர்பில்லாத ஒரு கணக்கிலிருந்து அந்த இணைப்பைத் திறந்து, பதிவிறக்கம் செய்து, மொத்த நீளத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

என் சக ஊழியர் மூலக் கோப்பைப் பதிவிறக்கி, ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளைக் கொண்டு வெட்டுகிறவர். அவர் முதலில் இப்படி வெட்டினார்:

```
ffmpeg -ss 00:47:52 -to 00:52:18 -i meeting.mp4 -c copy part2.mp4
```

கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் முறை இது, ஏனென்றால் படத்தையும் ஒலியையும் மறுபடி உருவாக்காமல் அப்படியே நகலெடுக்கிறது. அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. காணொளிக் கோப்பில் ஒவ்வொரு சட்டகமும் முழுப் படமாக இருப்பதில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு முழுப் படம் இருக்கும், அதைக் கீஃபிரேம் என்பார்கள். அடுத்த கீஃபிரேம் வரை, முந்தைய சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே பதிவாகியிருக்கும். ஆகவே நகலெடுக்கும் முறையில் 47:52 இல் சரியாகத் தொடங்க முடியாது; அதற்கு முந்தைய கீஃபிரேமிலிருந்துதான் எடுக்க முடியும். அது 47:46 இல் இருந்தால், அந்த ஆறு விநாடியும் கோப்புக்குள் வந்துவிடும். பல ஓட்டிகள் கோப்பிலுள்ள குறிப்பைப் படித்து அந்தப் பகுதியைக் காட்டாமல் தாண்டிவிடும், அதனால் நம் கணினியில் எல்லாம் சரியாகத் தோன்றும். அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாத ஓட்டியில் திறந்தால் அந்த விநாடிகள் வெளிப்பட்டுவிடும். விடுப்புப் பேச்சு 47:50 வரை நீள்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். "ஒரு விநாடிகூட வரக்கூடாது" என்று நான் எழுதியது இதனால்தான்.

அவரிடம் இதைச் சொன்னதும் புரிந்துகொண்டு, மறுபடி உருவாக்கும் முறையில் வெட்டினார்:

```
ffmpeg -ss 00:47:52 -to 00:52:18 -i meeting.mp4 -c:v libx264 -c:a aac part2.mp4
```

இந்த முறையில் முந்தைய விநாடிகள் படிக்கப்பட்டாலும் கோப்பில் எழுதப்படுவதில்லை. சொன்ன இடத்திலிருந்தே துண்டு தொடங்கும். நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் நாலரை நிமிடத் துண்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. இரண்டு கட்டளைகளிலும் தொடக்க நேரத்தைச் சொல்லும் `-ss`, முடிவு நேரத்தைச் சொல்லும் `-to` இரண்டுமே மூலக் கோப்பைச் சொல்லும் `-i` க்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். `-ss` ஐ முன்னால் வைத்து `-to` ஐ மட்டும் பின்னால் வைத்தால், வெட்டிய துண்டின் நேரம் பூச்சியத்திலிருந்து எண்ணப்படும். அப்போது 52:18 என்பது முடிவு நேரமாக இல்லாமல் துண்டின் நீளமாகிவிடும். நாலரை நிமிடத்துக்குப் பதிலாக 52 நிமிடத் துண்டு கிடைக்கும். துண்டின் நீளம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்றாவது, மூன்றாவது துண்டுகளுக்கு நகலெடுக்கும் முறையே போதுமா என்று அவர் கேட்டார். அவற்றின் தொடக்கத்துக்கு முன்னால் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை, ஆகவே சில விநாடி கூடுதலாக வந்தால் தவறில்லை. ஆனால் முதல் துண்டின் முடிவு விடுப்புப் பேச்சுக்கு மூன்று விநாடி முன்னால் இருக்கிறது. அந்தச் சிறு இடைவெளியை நம்ப எனக்கு விருப்பமில்லை. மூன்றையும் ஒரே முறையில், மறுபடி உருவாக்கியே வெட்டிவிடச் சொன்னேன்.

துண்டுகள் வந்தவுடன் நான் முழுவதையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் முதல் பத்து விநாடியையும் கடைசிப் பத்து விநாடியையும், ஒலியோடு, இரண்டு வெவ்வேறு ஓட்டிகளில் பார்த்தேன். இரண்டாவது துண்டின் தொடக்கத்தை மட்டும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டேன். முதல் சொல் "அப்படியானால்". அதற்கு முன்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை மட்டும் இருந்தது.

பிறகு ஆதரவுக் குழுவுக்கு அனுப்பினோம். முதல் வரி: "இடமாற்றத் தேதி 28. முதலில் 21 என்று முடிவாகி, அதே கூட்டத்தில் பின்னர் மாறியது. காரணம் மூன்றாவது துண்டில் இருக்கிறது." அடுத்த வரியில், முதல் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் 1 நிமிடம் 40 விநாடி நீக்கப்பட்டுள்ளது என்றும், அது தேதியோடு தொடர்பில்லாத ஒரு தனிப்பட்ட விஷயம் என்றும் எழுதியிருந்தோம். அவர்களிடமிருந்து வந்த ஒரே கேள்வி, தணிக்கை 21 இலேயே முடிந்துவிடுமா, இல்லை 22 ஐயும் விட்டுவைக்க வேண்டுமா என்பது. அதற்கு எந்தத் துண்டிலும் பதில் இல்லை. கணக்குப் பிரிவுக்காரரிடம்தான் கேட்க வேண்டும், கேட்டிருக்கிறேன்.